நின்ற இடமே சொல்லிவிடும்
“நள்ளிரவில் முன்பின் தெரியாதவரிடம் தேநீர்க்காரர் எடுத்த எடுப்பிலேயே தமிழில் பேசுவது செயற்கை” என்று, பெங்களூருவில் நடக்கும் ஒரு சிறுகதையைப் பற்றிய கட்டுரை குறை சொல்கிறது. பெங்களூரு சாந்திநகரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கும் பக்கம் ஓர் இரவைக் கழித்தவருக்கு அப்படித் தோன்றாது. கடைசி நேரத்தில் பேருந்தைத் தவறவிட்டு நான் அங்கே நின்றபோது, சைக்கிளில் பிளாஸ்க் கட்டியிருந்த பெரியவர், நான் நின்ற இடத்தையும் கையிலிருந்த, தமிழில் அச்சிட்ட துணிக்கடைப் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சேலம் வண்டியை விட்டுட்டீங்களா சார்? ஒசூர் வண்டி வரும், அங்கே போய் மாறிக்குங்க” என்றார், தேநீரை அதன்பிறகுதான் ஊற்றினார். அந்தக் கதையில் என்னை உறுத்தியது, கட்டுரையாளர் கவனிக்காத, சைக்கிள் தேநீர்க்காரர் நீட்டும் ஆவி பறக்கும் கோப்பைதான். அடுப்பில்லாத சைக்கிள்காரரின் தேநீர், மூடியைத் திறந்து திறந்து மூடியதில் அந்நேரத்துக்குச் சூடு தணிந்து, சற்றுக் கடுத்துப்போய்த்தான் இருக்கும்.