படமா, மடமா?

அண்ணன் மகள் பி.எட். இரண்டாம் வருஷம். மாற்றுத்திறன் பிள்ளைகளையும் எல்லோரோடும் ஒரே வகுப்பில் படிக்க வைக்கும் உள்ளடக்கிய கல்வி பற்றிய அசைன்மென்ட்டை அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க அத்தை" என்றாள். மனப்பான்மைத் தடை, கட்டமைப்புத் தடை என்று எல்லாம் வரிசையாக இருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளையும் விடவில்லை. தீர்வு என்று வந்ததும் அரசு செய்ய வேண்டும், சமூகம் மாற வேண்டும். நாளைக் காலை வகுப்புக்குள் நுழையும் டீச்சர் என்ன செய்வது? அதற்கு ஒரு வரி கிடையாது.

ஒரே ஒரு பிள்ளையை வைத்து எழுதடி என்றேன். என்னிடம் ஐந்தாவது படித்த ஒருத்தியைச் சொன்னேன். காது சரியாகக் கேட்காது, காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி மாட்டியிருப்பாள். சொல்வதை எழுதச் சொன்னால் 'படம்' அவள் நோட்டில் 'மடம்' ஆகிவிடும். கவனக்குறைவு என்று நானும் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர்தான், சத்தமில்லாமல் இரண்டையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள் என்றார். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. பாதி கேட்டு, பாதி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளை அவள். நானோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறேன்.

கருவி மாட்டியாச்சு, இனி கேட்கும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. அது என் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் பெஞ்ச் இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அவளை இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார வைத்தேன். முதல் வரிசை நடுவில் என்றால் என்னை அண்ணாந்து பார்க்க வேண்டும், பின்னால் பதில் சொல்கிற பிள்ளையின் முகமும் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பதையும் விட்டேன், வெளிச்சம் பின்னால் இருந்தால் என் முகம் இருட்டாகத்தான் தெரியும். வேறு பிள்ளை கேட்கும் கேள்வியை ஒருமுறை நானே திருப்பிச் சொல்வேன்.

கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, காலையில் ஒரு நிமிஷம் லிங் சோதனை. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்று சொன்னதை இன்று சொல்லவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பார்க்கணும், அடுத்து கருவியின் குழாயில் அழுக்கோ வியர்வையோ அடைத்திருக்கிறதா என்று. பொத்தான் அளவு பேட்டரி ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் வரும். அது தீர்ந்துபோய், கருவி சும்மா காதில் தொங்கிய நாட்கள் எத்தனையோ! வீட்டில் வாங்க முடியாத மாதங்களில் நாங்கள் டீச்சர்கள் சேர்ந்து வாங்கி மேஜையில் வைத்தோம்.

குழு வேலைதான் கடைசிவரை சரிவரவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் பேசினால் அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அவள் குழுவை மட்டும் வேப்பமரத்தடிக்கு அனுப்புவேன். அங்கே சுவர் எதிரொலி இல்லை, ஓரளவு பேசுவாள். மழைக்காலத்தில் அதுவும் முடியாது.