பச்சைத்தண்ணி கேட்டா சுடுதண்ணி ஊத்துற குழாய்

எங்க வேலூரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு. அந்தப் பட்டியல்ல நான் இன்னொண்ணு சேர்த்துக்கறேன்: பச்சைத்தண்ணி வராத குழாய்.

கத்திரி வெயில் ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி இருக்கும். அப்பா வெளியில போயிட்டு வந்து கால் கழுவ பாத்ரூமுக்குப் போனார். குழாயைத் திறந்து ரெண்டு சொம்பு கால்ல ஊத்திக்கிட்டு, துடைச்சுட்டு வந்து உக்காந்துட்டார். அம்மாதான் பார்த்தாங்க, ரெண்டு பாதமும் செக்கச்செவேல்னு இருக்கு. "என்னங்க இது?"ன்னு கேட்டா அவருக்கே தெரியல. இருபது வருஷமா சுகர். பாதத்துல உணர்ச்சி பாதிதான். நமக்குன்னா முதல் சொட்டுலயே கையை உதறிடுவோம், அவர் நிம்மதியா ரெண்டு சொம்பு ஊத்தியிருக்கார். நல்லவேளை கொப்புளம் வரல. சாயங்காலத்துக்குள்ள சிவப்பு இறங்கிடுச்சு. எனக்கு இறங்கல.

இது வரைக்கும் நாங்களும் எல்லாரையும் மாதிரி சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம். "கீசர் மிச்சம்"னு ஜோக் அடிச்சோம். கக்கூஸ்ல ஹெல்த் ஃபாசெட்டை அழுத்திட்டு அலறுறதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அன்னிக்குத்தான் கோவம் வந்துச்சு. சமையல்கட்டுல இருந்த தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போனேன்.

மூணே கால் மணி. முதல் சொம்பு 53 டிகிரி. நல்லாப் படிங்க, ஐம்பத்து மூணு. 45ஐத் தாண்டினாலே கை தானா பின்னாடி இழுத்துக்கும். வாளியை வச்சு விட்டுக்கிட்டே இருந்தேன். அஞ்சாறு லிட்டர் போனதும் சட்டுனு 43க்கு இறங்குச்சு. அதுக்கப்புறம் வாளி நிறையற வரைக்கும் 43தான், அசையவே இல்ல.

ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அளந்தேன். இங்கதான் வேடிக்கை. முதல் சொம்பு 33, குளுகுளுன்னு. சரி வெயில் தணிஞ்சுது, குளிச்சிடலாம்னு தலையில ஊத்த ஆரம்பிச்சா, ஒரு கால் வாளி போனதும் 41! மத்தியானம் முதல்ல கொதிச்சுட்டு அப்புறம் குறையுது, ராத்திரி முதல்ல குளுந்துட்டு அப்புறம் சுடுது. ஏன் இப்படின்னு உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, திருடன் ஒருத்தன் இல்ல, ரெண்டு பேர்.

ஒருத்தன் பைப். எங்க வீட்டுல டேங்க் இருக்கறது மொட்டைமாடியில கன்னி மூலையில, அதாவது தென்மேற்கு. வாஸ்து. பாத்ரூம் இருக்கறது எதிர் மூலையில. நடுவுல நாப்பது அடிக்கு ஒரு இஞ்ச் பைப், தளத்து மேலயே, ஒரு துண்டு நிழல் இல்லாம, செத்த பாம்பு மாதிரி கிடக்குது. ஒரு அடி பைப்புக்குள்ள சுமார் 130 மில்லி தண்ணி நிக்கும். நாப்பது அடிக்குக் கணக்குப் போட்டா அஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. முதல் அஞ்சாறு லிட்டர் ஏன் 53ன்னு இப்பத் தெரியுதா? மேலே சூரியன், கீழே தகிக்கிற தட்டோடு, நடுவுல கைப்பிடி அளவு தண்ணி. காலையில பத்து மணிக்கே சூடேறிடும். பொழுது சாஞ்சு ஒரு மணி நேரத்துல ஆறியும் போயிடும். அவ்வளவு தண்ணிக்கு அவ்வளவுதான் தம்.

இன்னொருத்தன் டேங்க். ஆயிரம் லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக். ஏறுறது மெதுவா, இறங்குறது அதைவிட மெதுவா. சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குத்தான் உச்சம். விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்து அளந்தேன் (பொண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்), அப்பவும் 37. ராத்திரி பூரா வானத்துக்குக் கீழ இருந்தும் டேங்க் தண்ணி மனுஷன் உடம்புச் சூட்டுல இருக்கு.

ஏன்டா கறுப்புன்னு கேட்டா அதுக்கு நியாயமான காரணம் இருக்கு. பிளாஸ்டிக்குல கார்பன் கறுப்பு கலந்தா வெயில்ல வெடிக்காம நிக்கும், வெளிச்சம் உள்ள போகாததால பாசியும் பிடிக்காது. ஆனா அந்தக் கறுப்பு உள்பக்கம் இருந்தாப் போதுமே! வெளியில வெள்ளை, உள்ளே கறுப்புன்னு அடுக்கு அடுக்கா வர்ற டேங்க் இப்ப எல்லாக் கடையிலயும் இருக்கு. வீடு கட்ட அவ்வளவு செலவு பண்ணின எங்க ஹவுஸ் ஓனர் டேங்க்கிட்ட வந்ததும் கணக்குப் பார்த்திருக்கார்.

சரி, இருக்கிற டேங்க்கை வச்சே ஏதாவது பண்ணலாமான்னு பார்த்தா, பண்ணலாம். அதுதான் எனக்கு வயித்தெரிச்சலே.

ஆயிரம் லிட்டர் தண்ணியை பத்து டிகிரி ஏத்தணும்னா கிட்டத்தட்ட 12 யூனிட் கரண்ட் அளவுக்குச் சூடு வேணும். ரெண்டு கிலோவாட் கீசரை ஆறு மணி நேரம் ஓட்டுற மாதிரி. டேங்க் நிறைஞ்சிருந்தா சூரியனே திணறும். ஆனா எங்க வீட்டுல என்ன நடக்குது? காலையில ஆறு மணிக்கு மோட்டார் போட்டு நிரப்புவாங்க. குளியல், துணி, பாத்திரம்னு பதினொரு மணிக்குள்ள முக்கால்வாசி காலி. மிச்சம் இருக்கறது முந்நூறு லிட்டர். சரியா உச்சி வெயில் ஆரம்பிக்கிற நேரத்துல, கொஞ்சூண்டு தண்ணியை வச்சுக்கிட்டு அந்தக் கறுப்பு அண்டா அடுப்புல ஏறுது. சுடாம என்ன செய்யும்?

கீழ சம்ப்புல இருக்கற தண்ணி 30 டிகிரி. மண்ணுக்குள்ள இருக்கு, அதுக்கென்ன. மத்தியானம் ஒரு தடவை மோட்டார் போட்டு எழுநூறு லிட்டர் ஏத்தினா, 43ல இருக்கற முந்நூறோட கலந்து மொத்தமும் 34க்கு வந்துடும். ஒரே ஒரு சுவிட்ச்! பத்துக் காசு செலவில்ல!

இதை ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னேன். பெரியவர், மரியாதையாத்தான் பேசினேன்.

"சார், மத்தியானமும் ஒரு வாட்டி மோட்டார் போட்டா நல்லாருக்கும் சார்."

"ரெண்டு வாட்டி போட்டா கரண்ட் பில்லு யாரு தம்பி கட்டறது?"

"மொத்தத் தண்ணி அதேதானே சார்? காலையில ஏத்தறதுல பாதியை மத்தியானம் ஏத்தினா அதே பில்லுதானே?"

"நாப்பது வருஷமா வீடு வச்சிருக்கேன் தம்பி."

இதுக்கு என்ன பதில் சொல்றது? அவர் இருக்கறது கீழ்வீட்டுல. அவருக்கு போர்ல இருந்து நேர் லைன். நடு மத்தியானம் அவர் வீட்டுக் குழாயில இளநி மாதிரி வருது. அவருக்கு எங்க பாத்ரூம் என்னமோ வேற தேசம்.

டேங்க்கை இடம் மாத்தலாமான்னு கேட்டேன். மாடிப்படி ரூமுக்குக் கிழக்குப் பக்கம் வச்சா ரெண்டு மணிக்கு மேல அந்த ரூம் நிழலே டேங்க் மேல விழும். "கன்னி மூலையில கனம் இருக்கணும் தம்பி"ன்னுட்டார். கனம் இருக்கு சார், எங்க தலையில.

பிளம்பரையும் விட மாட்டேன். ஏம்ப்பா பைப்பை இப்படி வெயில்ல இழுத்துவிட்டீங்கன்னா "வெளியில போனாத்தான் சார் லீக் ஆனா தெரியும், எல்லா வீட்டுலயும் இப்படித்தான்". சரி, லீக் பார்க்க வசதி. ஒத்துக்கறேன். ஆனா அதே பைப்பை கைப்பிடிச் சுவரோட நிழல் பக்கமா ஓட்டினா லீக் தெரியாதா? அவர் சொன்ன வைத்தியம், கறுப்பு ஃபோம் குழாய் வாங்கிச் சுத்துறது. வாங்கிச் சுத்தியும் பார்த்தேன். அது பாதி ஏமாத்து. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா அந்த ஃபோம் உதவும். அசையாம காலையிலேருந்து மூணு மணி வரைக்கும் நிக்கிற தண்ணிக்கு, சூடு உள்ள போக ஒரு மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். வெயில் படாம மறைக்காம, வெறுமனே போர்வை சுத்தி என்ன பிரயோஜனம்? மேல ரெண்டு வரிசை பழைய ஓடுகளைக் கவுத்து வச்சேன். முதல் சொம்பு 53ல இருந்து 45க்கு வந்துச்சு. ஓட்டுக்குக் காசு கொடுக்கல, பக்கத்துல ஒரு வீடு இடிச்சாங்க.

இதுக்கு நடுவுல நாங்க பொழைக்கிற விதம் கேட்டா சிரிப்பீங்க. மே மாசத்துல எங்க வீட்டுல சிவப்புக் குழாய்ல பச்சைத்தண்ணி, நீலக் குழாய்ல சுடுதண்ணி. கீசர் சுவிட்ச் மார்ச்சுலயே ஆஃப். காலையில மோட்டார் போட்டு டேங்க் நிறைஞ்ச உடனே சிவப்புக் குழாயைத் திறந்து ஒரு வாளி வெளிய விட்டுடுவோம். கீசருக்குள்ள புதுத் தண்ணி ஏறிடும். நிழல்ல, சுத்தி பஞ்சு வச்ச பெட்டிக்குள்ள, சாயங்காலம் வரைக்கும் சமர்த்தா இருக்கும். சூடு பண்ண வாங்கின சாமானை நாங்க மண்பானையா வச்சிருக்கோம்.

ஆனா பதினஞ்சு லிட்டர் கீசர்னா பதினஞ்சு லிட்டரும் குளுமையா வரும்னு நம்பி சோப்பு போட்டுக்காதீங்க. கீசர்ல தண்ணி உள்ள வர்றது அடியில, வெளிய போறது உச்சியில இருந்து. மேல் டேங்க்லேருந்து வர்ற சுடுதண்ணி லேசு, அடியில நுழைஞ்சதும் மேல ஏறிக் கலந்துடும். ஏழெட்டு லிட்டர் நல்லா வரும், அப்புறம் வெதுவெதுன்னு ஆயிடும். நான் சோப்பு நுரையோட நின்ன அனுபவத்துல சொல்றேன்.

அப்பாவுக்குன்னு காலையிலயே ரெண்டு வாளி பிடிச்சு மூடி வச்சிடறோம். மூணு மணிக்குக் குழாயைத் தொடாதீங்கன்னு சொல்லியாச்சு. அவர் மறந்துடுவார்னு அம்மா குழாய்த் திருகுல ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்காங்க.

நேத்து ஓனரைக் கேக்காமலே டேங்க் மேல நாலு கோணிச்சாக்கை விரிச்சு நனைச்சு விட்டேன். அஞ்சு மணிக்கு அளந்தா 38. மேல தண்ணி சொட்டுற சத்தம் கேட்டு அவர் ஏறி வந்து பார்த்தார். "டேங்க் லீக்கா தம்பி?"ன்னார். ஆமா சார்னுட்டேன்.

மணி ரெண்டரை ஆகுது. சாக்கு இந்நேரம் காஞ்சு மொறுமொறுன்னு ஆயிருக்கும். செருப்பைப் போட்டுக்கிட்டு மேல போகணும்.