அறுபதும் அறுபதும் ஒன்றல்ல: பிரபவ முதல் அட்சய வரை ஒரு கணக்கு

சித்திரை பிறந்தால் போதும், "சீனாவிலும் 60 வருஷச் சுற்று இருக்கிறது, அங்கிருந்துதான் நமக்கு வந்தது" என்று ஒரு பதிவு சுற்ற ஆரம்பிக்கும். கூடவே "இல்லை, நம்மிடமிருந்துதான் அவர்களுக்குப் போனது" என்று எதிர்ப்பதிவு வரும். இரண்டு பேருமே 60 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள். அந்த 60 எப்படி உண்டாகிறது என்று பார்த்தால், இரண்டும் வேறு வேறு பட்டறையில் செய்த பொருள் என்பது தெரிந்துவிடும்.

முதலில் சீனக் கணக்கு. அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்றில் 10 பெயர்கள், 'வானத் தண்டு' என்பார்கள். மற்றதில் 12 பெயர்கள், 'பூமிக் கிளை' என்பார்கள். எலி, எருது, புலி என்று நமக்குத் தெரிந்த விலங்குகள் இந்தக் கிளைகளோடு சேர்ந்தவை. பத்துப் பல் சக்கரமும் பன்னிரண்டு பல் சக்கரமும் கோத்துக்கொண்டு சுற்றுவது போல, ஒவ்வொரு வருஷமும் இரண்டும் ஒரு பல் நகரும். முதல் தண்டும் முதல் கிளையும் மறுபடி சந்திக்க 60 வருஷம் ஆகும், 10-க்கும் 12-க்கும் மீச்சிறு பொது மடங்கு அதுதான். மொத்தம் 120 ஜோடி வர வேண்டாமா என்றால், வராது. ஒற்றைப்படைத் தண்டு ஒற்றைப்படைக் கிளையோடும், இரட்டைப்படை இரட்டைப்படையோடும் மட்டுமே சேரும். பாதி ஜோடிகள் எந்தக் காலத்திலும் அமையாது.

இதனால் சீன வருஷப் பெயர் ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தானே சொல்லும். 2026-ஐ 'நெருப்புக் குதிரை' என்கிறார்கள். நெருப்பு என்பது தண்டிலிருந்தும் குதிரை என்பது கிளையிலிருந்தும் வருகிறது. இரண்டும் தெரிந்தால் அது 43-ஆவது இடம் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பட்டியல் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை.

பிரபவ முதல் அட்சய வரை போகும் நம் தமிழ் வருஷப் பட்டியலில் அந்த வசதி கிடையாது. 2026 சித்திரையில் தொடங்கும் பராபவ 40-ஆவது என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது, உருப்போட்டிருந்தால்தான் தெரியும். இருபது இருபதாக உத்தமம், மத்திமம், அதமம் என்று பஞ்சாங்கம் பிரித்திருந்தாலும் அந்தப் பிரிவும் பெயருக்குள் இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. சீனர்கள் அதே 60 ஜோடியை நாளுக்கும் மாதத்துக்கும் நேரத்துக்கும்கூட வைத்து எண்ணுகிறார்கள். சொல்லப்போனால் அது நாளை எண்ணப் பிறந்த கணக்கு. ஷாங் அரச மரபுக் காலத்து எலும்பு எழுத்துகளிலேயே நாட்களுக்கு இந்தப் பெயர்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு அது முறையாக வந்தது அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, ஹான் அரச மரபுக் காலத்தில். நம் 60-ஐ யாரும் நாளுக்கு வைத்ததில்லை. நாளைச் சொல்ல நமக்குக் கிழமை, திதி, நட்சத்திரம் இருந்தன. பிரபவ முதலான பெயர்கள் வருஷத்துக்கு மட்டும்.

அப்படியானால் நம் 60 எங்கிருந்து வந்தது? குருவிடமிருந்து, அதாவது வியாழனிடமிருந்து. வியாழன் ராசி மண்டலத்தை ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய 12 வருஷம். ஐந்து சுற்று 60. ஒரு ராசியை அது சராசரியாகக் கடக்கும் காலம்தான் சித்தாந்தங்கள் என்ற பழைய வானியல் நூல்களில் 'சம்வத்சரம்'. சித்திரை ஒன்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வியாழன் ராசி மாறினால் பெயர் மாற வேண்டும், அவ்வளவுதான் விதி. பிரபவ என்றால் சராசரி வேகக் கணக்கில் வியாழன் கும்பத்தில், விபவ என்றால் மீனத்தில் என்று வரிசை போகும்.

சிக்கல் அந்த 'ஏறக்குறைய'வில் இருக்கிறது. சூரிய சித்தாந்தக் கணக்கில் வியாழன் ஒரு ராசியைக் கடக்க 361 நாளும் கொஞ்சமும் ஆகும். சூரிய வருஷமோ 365 நாளும் கால் நாளுக்குச் சற்று மேலும். வருஷத்துக்கு நான்கேகால் நாள் வியாழன் முந்திக்கொண்டே போகும். 85 வருஷம் சேர்ந்தால் அது முழு ஒரு சம்வத்சரமாகிவிடும். அப்போது பட்டியலில் ஒரு பெயரைத் தாண்ட வேண்டும். வட இந்தியப் பஞ்சாங்கக்காரர்கள் இன்றைக்கும் அப்படித் தாண்டுகிறார்கள். தெற்கே நாம் தாண்டுவதை நிறுத்திவிட்டோம். வருஷத்துக்கு ஒரு பெயர், வரிசை மாறாமல், வியாழன் எங்கே இருந்தாலும் சரி.

அதனால்தான் 2023 வசந்தத்தில் பிறந்த வருஷம் நமக்குச் சோபகிருது, வடக்கே நள. நம் பட்டியலில் சோபகிருது 37, நள 50. 13 இடம் வித்தியாசம். இந்த 13-ஐ 85-ஆல் பெருக்கிப் பின்னோக்கிப் போனால் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்து நிற்போம். தெற்கும் வடக்கும் பிரிந்த இடம் அதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. 13 இடம் தவறியிருந்தாலும் ராசியில் பார்த்தால் ஒரே ஒரு ராசிதான் தவறியது போலத் தெரியும், ஏனென்றால் 12 இடம் நகர்ந்தால் அதே ராசி திரும்ப வந்துவிடும். பராபவ வருஷத்துக்குப் பழைய விதிப்படி வியாழன் ரிஷபத்தில் இருக்க வேண்டும். 2026 ஏப்ரலில் அது இருப்பது மிதுனத்தில். "ஒரு ராசிதானே, கிட்டத்தட்டச் சரிதான்" என்று யாராவது சொன்னால், அவர் ஒரு முழுச் சுற்றைக் கணக்கில் விட்டுவிட்டார் என்று பொருள்.

சீனாவிலும் இதே தலைவலி வந்தது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த இடம். அவர்களும் ஒரு காலத்தில் 12 கிளைகளை வியாழனோடு கட்டி வைத்திருந்தார்கள். மேற்கு ஹான் காலத்தின் கடைசியில் லியூ ஷின் என்ற கணிதர் 144 வருஷத்துக்கு ஒரு இடம் தாண்ட வேண்டும் என்று விதி செய்தார். சரியான அளவு சுமார் 86, அவர் கணக்கு தூரம். பிறகு கி.பி. 85-இல் வந்த பஞ்சாங்கச் சீர்திருத்தத்தில் தாண்டுவதையே விட்டுவிட்டார்கள். அதாவது இரண்டு ஊரிலும் வியாழனைப் பிடித்துக்கொண்டு நடந்து, கால் வலித்ததும் கையை விட்டிருக்கிறார்கள். அவர்கள் நமக்கு எண்ணூறு வருஷம் முன்னால் விட்டார்கள். விட்ட பிறகு அவர்களிடம் மிஞ்சியது தண்டும் கிளையும் கோத்த சக்கரம், நம்மிடம் மிஞ்சியது வெறும் பெயர் வரிசை.

தெற்கு செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வடக்கு முறையில் வருஷத்தின் நடுவில் எங்கோ சம்வத்சரம் மாறும். அதனால் ஒரே வருஷத்துக்கு இரண்டு பஞ்சாங்கம் இரண்டு பெயர் போடும் குழப்பம் அங்கே அடிக்கடி வருகிறது. பத்திரம் எழுதுகிறவனுக்கு நம் முறைதான் வசதி. ஆனால் வியாழனைக் கழற்றிவிட்ட பெயரை வைத்துக்கொண்டு "குருவின் சஞ்சாரப்படி இந்த வருஷப் பெயர் இன்ன பலன்" என்று சொல்வது மட்டும் ஒட்டாது.

ஒன்றிலிருந்து மற்றது வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே சுற்றாக இருந்தால் தொடக்கமாவது ஒன்றாக இருக்க வேண்டும். சீனச் சுற்று கடைசியாகத் தொடங்கியது 1984-இல், நம் பிரபவ 1987-இல். எந்த வருஷத்தை எடுத்தாலும் சீன எண்ணிலிருந்து 3 கழித்தால் நம் எண் வரும். 2026 அவர்களுக்கு 43, நமக்கு 40. இந்த 3 வருஷ இடைவெளியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திபெத்துக்குப் போக வேண்டும். அங்கே காலசக்கரம் என்ற பௌத்த மரபு வழியாக இந்தியச் சுற்று போய்ச் சேர்ந்தது. முதல் சுற்றை 1027-இல் தொடங்கினார்கள். சுற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரப்ஜுங்', பிரபவ என்பதன் திபெத்திய வடிவம். ஆனால் வருஷங்களை அழைப்பது சீன முறையில், நெருப்பு, நீர் போன்ற மூலகமும் விலங்குமாக. ஆகவே அவர்கள் சுற்று எலியில் தொடங்காமல் 'நெருப்பு முயலில்' தொடங்குகிறது, சீன வரிசையில் அது 4-ஆவது. 1027-உடன் பதினாறு அறுபதைக் கூட்டுங்கள், 1987 வரும். நம் பிரபவ பிறந்த அதே வருஷம் அவர்களுக்கு 17-ஆவது ரப்ஜுங். இரண்டு மரபும் ஒரே மேசையில் சந்தித்தபோதும் ஒன்று மற்றொன்றாகக் கரையவில்லை, மேலே ஒன்று கீழே ஒன்றாகத்தான் ஒட்டினார்கள்.

இனி நடைமுறைக்கு. வருஷ எண் கண்டுபிடிக்கச் சித்திரையில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 6-ஐக் கழித்து 60-ஆல் வகுங்கள். மீதிதான் எண், மீதி இல்லையென்றால் அட்சய. சீனத்துக்கு 6-க்குப் பதில் 3. 1876-ஐப் போட்டால் மீதி 10, தாது. தாது வருஷப் பஞ்சம் அந்த வருஷம்தான். சீனர்கள் 1911 புரட்சியை வருஷப் பெயரால் 'சின்ஹாய் புரட்சி' என்பது போலத்தான் இதுவும்.

பழைய ஓலையிலோ பத்திரத்திலோ வருஷப் பெயர் மட்டும் இருந்தால்தான் வேலை. சீன ஆவணத்தில் பெரும்பாலும் மன்னர் ஆட்சியாண்டும் கூடவே வரும், 'குவாங்ஷு 24' என்றால் 1898 என்று முடிந்துவிடும். நம் ஆவணத்தில் சக ஆண்டோ கலியோ கொல்லம் ஆண்டோ இல்லையென்றால் கிழமையைப் பிடிக்க வேண்டும்.

உதாரணமாக "பராபவ வருஷம் தை மாதம் 10-ந் தேதி வியாழக்கிழமை" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பராபவ 1846, 1906, 1966 மூன்றிலும் உண்டு. இங்கே பலரும் விழும் குழி: தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும், 1847, 1907, 1967. அடுத்தது, 60 தமிழ் வருஷம் என்பது 21,915 நாளும் அரை நாளும். அதை ஏழால் வகுத்தால் ஐந்தரை மிஞ்சும். ஆகவே ஒரே தமிழ்த் தேதியின் கிழமை 60 வருஷத்துக்கு ஒருமுறை 5 அல்லது 6 நாள் முன்னே போகும், ஒரே கிழமை அடுத்த சுற்றில் வராது. 1967-இல் தை 1 ஜனவரி 14, சனிக்கிழமை. அப்படியானால் தை 10 திங்கள். 1907-இல் அது செவ்வாய் அல்லது புதன். 1847-இல் வியாழன், ஜனவரி 21. ஓலை 1847-ஐச் சேர்ந்தது.

1907-க்கு ஏன் இரண்டு கிழமை சொல்கிறேன் என்றால், சூரியன் மகரத்தில் நுழைவது மாலைக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து மாதப் பிறப்பு ஒரு நாள் தள்ளும். தேதியில் ஒன்றைத் தவறாகப் படித்தாலும் இதே கதிதான், அடுத்த சுற்றின் கிழமை வந்து பொருந்திக்கொள்ளும். அந்த இடத்தில் கிழமையை மட்டும் நம்பாமல் ஓலையில் நட்சத்திரம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 60 வருஷத்தில் அதே தேதியின் நட்சத்திரம் மூன்று நான்கு இடம் நகர்ந்துவிடும். ஒரு நாள் பிழையில் நட்சத்திரம் ஒன்றுதான் மாறும், சுற்று மாறினால் மூன்றுக்கு மேல் தள்ளும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அது போதும்.