மைக்ரோ ஆர்என்ஏ வெட்டாது என்று விடைத்தாளில் எழுதும் முன்

மரபணு ஒழுங்குமுறைப் பாடத்தில் ஓர் அட்டவணை தவறாமல் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் மைக்ரோ ஆர்என்ஏ, மறுபக்கம் சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ, அதாவது எஸ்ஐஆர்என்ஏ. முதலாவதன் கீழே "புரத உற்பத்தியைத் தடுக்கும்" என்றும் இரண்டாவதன் கீழே "தூது ஆர்என்ஏவை வெட்டும்" என்றும் இருக்கும். இளநிலை மாணவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். இந்த அட்டவணையைப் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வெட்டு விழுமா விழாதா என்பதை அந்தச் சிறிய ஆர்என்ஏ எங்கிருந்து வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. அது தன் இலக்கோடு எத்தனை எழுத்துகள் இணை சேர்கிறது, குறிப்பாக நடுப்பகுதியில் சேர்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் பாடத்தின் மீதிப் பகுதி தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

உருவாகும் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாப் புத்தகங்களிலும் நன்றாகவே இருக்கிறது. விலங்குகளில் மைக்ரோ ஆர்என்ஏ மரபணுவைப் பெரும்பாலும் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 படியெடுக்கிறது. அந்த நீண்ட படியில் கொண்டை ஊசி போல மடிந்திருக்கும் பகுதியை உட்கருவுக்குள்ளேயே டுரோஷா வெட்டி எடுக்கிறது. எக்ஸ்போர்ட்டின்-5 அதை வெளியே கொண்டுவருகிறது. டைசர் கொண்டையின் வளைவை நீக்கி, சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள இரட்டை இழையாக்குகிறது. எஸ்ஐஆர்என்ஏவுக்கு டுரோஷா தேவையில்லை. நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏவை டைசரே துண்டு போடுகிறது. இதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே பாதைதான். ஆர்கோநாட் என்ற புரதம் இரட்டை இழையை ஏற்று, ஓர் இழையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. எந்த இழையின் 5′ முனை தளர்வாக இணைந்திருக்கிறதோ, பொதுவாக அதுதான் வழிகாட்டி ஆகிறது.

அந்த அட்டவணை எங்கே தடுக்கி விழுகிறது என்பதற்கு வருகிறேன். லெட்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏவை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப் புழுவில் கண்டறியப்பட்டது. மனிதனிலும் அதே வரிசையில் இருக்கிறது. அதற்கு முழுமையாகப் பொருந்தும் ஓர் இலக்கை எழுதினால் இப்படி வரும்:

```
இலக்கு  5'-AACUAUACAACC UACUACCUCA-3'
லெட்-7  3'-UUGAUAUGUUGG AUGAUGGAGU-5'
```

22 எழுத்துகளும் இணை சேர்ந்திருக்கின்றன. நான் இடைவெளி விட்டிருக்கும் இடத்தில்தான் இலக்கு வெட்டுப்படும். லெட்-7இன் 5′ முனையிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். அதன் 10ஆம், 11ஆம் எழுத்துகளுக்கு எதிரே இருக்கும் இரண்டு இலக்கு எழுத்துகளுக்கு நடுவே உள்ள பிணைப்பு அறுகிறது. மனிதனில் இந்த வேலையைச் செய்வது முக்கியமாக ஆர்கோநாட்-2. வழிகாட்டி எது, எங்கே பிறந்தது என்று அது பார்ப்பதில்லை. 10க்கும் 11க்கும் எதிரேதான் வெட்டும். இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2002இல் ஹுட்வாக்னரும் ஸாமோரும் மனித செல் சாற்றில் இயல்பாகவே இருக்கும் லெட்-7இடம் முழுமையாகப் பொருந்தும் இலக்கைக் கொடுத்தார்கள். அட்டவணைப்படி "வெட்டாத" அந்த மைக்ரோ ஆர்என்ஏ அதை வெட்டியது.

இப்போது இலக்கின் நடுவில் நான்கே எழுத்துகளை மாற்றுகிறேன்:

```
இலக்கு  5'-AACUAUACAA GGAU CUACCUCA-3'
லெட்-7  3'-UUGAUAUGUU GGAU GAUGGAGU-5'
```

நடுவில் ஒரே எழுத்துகள் எதிரெதிரே நிற்கின்றன, எதுவும் இணை சேராது. மற்ற 18 இணைகள் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் வெட்டு நின்றுபோகும், ஏனென்றால் வெட்டப்பட வேண்டிய பிணைப்பு நொதியின் வினையிடத்தில் சரியாக அமர, நடுப்பகுதி சீரான இரட்டைச் சுருளாக இருந்தாக வேண்டும். நடு குலைந்தால் ஆர்கோநாட் இலக்கைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும்.

அப்படிப் பிடித்துக்கொள்வதற்கு மிகவும் முக்கியமானது வழிகாட்டியின் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள். இதை விதைப் பகுதி என்கிறோம். மேலே வலது ஓரத்தில் இருக்கும் எட்டு எழுத்துகளில் அது அடங்கியிருக்கிறது. விலங்குகளின் தூது ஆர்என்ஏக்களில், பெரும்பாலும் 3′ பக்கத்து மொழிபெயர்க்கப்படாத பகுதியில், இந்த விதைக்கு மட்டும் பொருந்தும் இடங்களே அதிகம். முழுப் பொருத்தம் அபூர்வம். விலங்கு மைக்ரோ ஆர்என்ஏக்கள் பெரும்பாலும் வெட்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். தாவரங்களில் பொருத்தம் பெரும்பாலும் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது, அதனால் அங்கே மைக்ரோ ஆர்என்ஏக்கள் வழக்கமாக வெட்டுகின்றன. இந்த ஒரு செய்தியே அந்த அட்டவணையை உடைக்கப் போதும்.

வெட்டாவிட்டால் தூது ஆர்என்ஏ பிழைத்துவிடும் என்று நினைப்பது அடுத்த பிழை. ஆர்கோநாட்டோடு ஜிடபிள்யூ182 என்ற புரதம் சேர்கிறது. அது சிசிஆர்4-நாட் என்ற புரதக் கூட்டத்தை அழைத்து வருகிறது. அந்தக் கூட்டம் தூது ஆர்என்ஏவின் அடினைன் வாலைக் கடைசியிலிருந்து கத்தரித்துக்கொண்டே வருகிறது. வால் குறுகியதும் 5′ முனையின் தொப்பி கழற்றப்படுகிறது. தொப்பி இழந்த ஆர்என்ஏவை எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி 5′ பக்கத்திலிருந்து தின்றுவிடுகிறது. ரைபோசோம் வேலை தொடங்குவது தடைபடுவதும் உண்மைதான். ஆனால் 2010இல் டேவிட் பார்டெலின் குழு பாலூட்டி செல்களில் ரைபோசோம்கள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்று அளந்து பார்த்தபோது, மைக்ரோ ஆர்என்ஏவால் குறைந்த புரதத்தில் குறைந்தது 84 சதவீதத்துக்குத் தூது ஆர்என்ஏவின் அளவு குறைந்ததே காரணமாக இருந்தது. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். வரிக்குதிரை மீனின் மிக இளம் கருவில் முதலில் புரத உற்பத்திதான் குறைகிறது, தூது ஆர்என்ஏ சிதைவது பிறகு வருகிறது.

அப்படியானால் "புரத உற்பத்தியை மட்டும் தடுக்கும்" என்ற வரி எங்கிருந்து வந்தது? முதல் மைக்ரோ ஆர்என்ஏவின் கதையிலிருந்துதான். 1993இல் விக்டர் ஆம்புரோஸ் குழு, லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் தராமல் 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒரு சிறிய ஆர்என்ஏவைத் தருவதைக் கண்டது. அது லின்-14இன் தூது ஆர்என்ஏவின் 3′ பகுதியோடு பல இடங்களில் அரைகுறையாகப் பொருந்துவதை அவர்களும் கேரி ருவ்குன் குழுவும் கண்டார்கள். புழுவின் முதல் இளம்பருவத்துக்குப் பிறகு லின்-14 புரதம் மறைந்தது, தூது ஆர்என்ஏவோ பெரிதாகக் குறையவில்லை என்று அன்றைய அளவீடு காட்டியது. அந்த முடிவு பாடமாக உறைந்துவிட்டது. 2005இல் வேறொரு குழு அதே புழுவில் மீண்டும் அளந்தபோது லின்-14இன் தூது ஆர்என்ஏவும் குறைவது தெரிந்தது. ஆம்புரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் கிடைத்த நோபல் பரிசு முழுக்க முழுக்கத் தகுதியானது. அவர்கள் கண்டது ஓர் ஒழுங்குமுறையின் இருப்பை. அதன் வழிமுறை பற்றிய முதல் வரியை முப்பது ஆண்டுகள் கழித்தும் அப்படியே அச்சடிப்பதுதான் எனக்கு ஏற்பாக இல்லை.

அட்டவணையின் இரு பக்கங்களையும் நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. 2003இல் பிலிப் ஷார்ப்பின் ஆய்வகம் ஓர் எஸ்ஐஆர்என்ஏவுக்கு நடுவில் புடைப்புள்ள இலக்கிடங்களைக் கொடுத்தது. அது மைக்ரோ ஆர்என்ஏ போலவே வெட்டாமல் அடக்கியது. 2004இல் பார்டெலின் ஆய்வகம், மிர்-196 என்ற விலங்கு மைக்ரோ ஆர்என்ஏ ஹாக்ஸ்-பி8 என்ற மரபணுவின் தூது ஆர்என்ஏவை எலிக் கருவில் வெட்டுவதைக் காட்டியது. அங்கே பொருத்தம் ஏறக்குறைய முழுமை. குவானினும் யுராசிலும் சேர்ந்த ஓர் இணை மட்டுமே விதிவிலக்கு.

வெட்டியதா, வால் சுருங்கிச் சிதைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தூது ஆர்என்ஏவின் மொத்த அளவை மட்டும் அளந்தால் தெரியாது, இரண்டிலும் அது குறையும். ஆர்கோநாட் வெட்டினால் கீழ்ப்பக்கத் துண்டின் 5′ முனையில் ஒரு பாஸ்பேட் மிஞ்சும். அந்த முனையில் அறிந்த வரிசையுள்ள ஒரு சிறு ஆர்என்ஏவை ஒட்டி, பிசிஆரில் பெருக்கி, வரிசையைப் படிக்க வேண்டும். துண்டுகளின் தொடக்கம் மீண்டும் மீண்டும் வழிகாட்டியின் 10ஆம் எழுத்துக்கு எதிரே விழுந்தால் அது வெட்டுதான். நம் முதல் இலக்கில் அந்தத் துண்டு, இடைவெளிக்கு வலப்பக்கத்து எழுத்துகளோடு தொடங்கும். முனைகள் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்தால் அதை வெட்டுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

வெட்டு இல்லாதபோது, இந்த இடம்தான் இந்த மைக்ரோ ஆர்என்ஏவின் இலக்கு என்று நிறுவ வேறு சோதனை வேண்டும். விதைப் பொருத்தம் இருப்பது மட்டும் போதாது. நான்கு எழுத்துகளில் ஏழெழுத்து வரிசை ஒன்று தற்செயலாகவே சராசரியாக 16,384 நியூக்ளியோடைடுக்கு ஒரு முறை வந்துவிடும். ஆகவே இலக்கின் 3′ பகுதியை லூசிபெரேஸ் மரபணுவோடு ஒட்டி ஒளியை அளக்கிறார்கள். விதைக்கு எதிரே உள்ள எழுத்துகளை மாற்றினால் அடக்கம் நீங்கி ஒளி கூட வேண்டும். பிறகு மைக்ரோ ஆர்என்ஏவிலும் அதற்கு ஈடான மாற்றத்தைச் செய்து இணையை மீட்டால் ஒளி மறுபடி குறைய வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் செய்யாத ஆய்வை நான் நம்பத் தயங்குவேன், ஏனென்றால் முதல் மாற்றம் வேறு ஏதாவது புரதம் அமரும் இடத்தைக் கெடுத்திருக்கலாம்.

எஸ்ஐஆர்என்ஏவைக் கருவியாகப் பயன்படுத்துவோருக்கும் இது நேரடியாக உதவும். ஒரு மரபணுவுக்கென்று முழுப் பொருத்தத்தோடு வடிவமைத்த எஸ்ஐஆர்என்ஏ, தன் விதைக்கு மட்டும் பொருந்தும் வேறு பல தூது ஆர்என்ஏக்களையும் மைக்ரோ ஆர்என்ஏ போல அடக்கிவிடும். செல்லில் தெரியும் விளைவு எதனால் வந்தது என்று குழம்பாமல் இருக்க, ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு மூன்று எஸ்ஐஆர்என்ஏக்களைத் தனித்தனியே கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மரபணுவின் தூது ஆர்என்ஏவை, எஸ்ஐஆர்என்ஏ பொருந்தாதபடி எழுத்து மாற்றி, ஆனால் புரதம் மாறாதபடி மீண்டும் கொடுத்து விளைவு நீங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விதைப் பொருத்தம் ஒவ்வொன்றின் விளைவும் பொதுவாகச் சிறியது. ஓர் இடம் மட்டும் இருந்தால் புரதம் பாதியாகக் கூடக் குறைவதில்லை. இடங்கள் பல சேரும்போதுதான் விளைவு கனக்கிறது. மனிதனின் எச்எம்ஜிஏ2 மரபணுவின் 3′ பகுதியில் லெட்-7க்கு ஏழு இடங்கள் இருக்கின்றன. சில கட்டிகளில் குரோமோசோம் முறிந்து இடம்மாறும்போது அந்த 3′ பகுதி துண்டிக்கப்படுகிறது. 2007இல் பார்டெலின் ஆய்வகம், லெட்-7இன் பிடியிலிருந்து அந்தத் தூது ஆர்என்ஏ இப்படித் தப்புவதே, கட்டி செல்களைப் போல எந்தப் பரப்பிலும் ஒட்டாமலேயே செல்களை வளரத் தூண்டப் போதுமானது என்று காட்டியது. புரதத்தின் வரிசையை மட்டும் பார்த்திருந்தால், முழு நீளப் புரதமே அளவு மீறினாலும் இப்படி ஆகும் என்பது கண்ணில் பட்டிருக்காது.