மார்ஃப் பண்ணிய படமும் ஐந்து லட்சம் வெள்ளிக் கனவும்

யாராவது நம் படத்தை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், இங்கே உடனே வருகிற முதல் வார்த்தை "மானநஷ்ட வழக்கு". இரண்டாவது வார்த்தை ஒரு பெரிய தொகை. வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பும் காகிதமுமாக ஓடுகிற ஆள் நான். என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரில் இந்த மாதிரி விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது காசு இல்லை, தடையுத்தரவு. காசு பின்னால் வரும், அதுவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வராது.

ஒரு அக்கா கதையை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் தமிழ் டியூஷன் எடுப்பவர். குடியிருப்பாளர் குழு ஒன்றில் கணக்கு விஷயமாக ஒருவரோடு வாய்த்தகராறு. கொஞ்ச நாளில், பொங்கல் விழாவில் எடுத்து அக்காவே முகநூலில் போட்டிருந்த படத்திலிருந்து முகம் மட்டும் எடுக்கப்பட்டு, மதுக்கூடத்தில் ஒரு ஆணின் மடியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பில் பொருத்தப்பட்டு, 'டியூஷன் டீச்சரின் இன்னொரு வேலை' என்ற வரியோடு பெற்றோர் குழு ஒன்றில் வந்து விழுந்தது. நிர்வாணம் இல்லை, ஆபாசம் என்று சொல்லவும் முடியாது. இந்த இடம்தான் முக்கியம். அந்தரங்கப் படமாக மாற்றியிருந்தால் 2020 முதல் குற்றவியல் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை, நேராகப் போலிஸ் நிலையம் போகலாம். அக்காவுக்கு வந்தது அந்த ரகம் இல்லை. ஆனால் பிள்ளைகளை அனுப்பிய மூன்று வீடுகள் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொண்டன.

மானநஷ்ட வழக்கு இதற்குப் பொருந்தாது என்று சொல்லவில்லை, தாராளமாகப் பொருந்தும். ஆனால் அது மெதுவாக நடக்கும், செலவும் கூட. அந்த வழக்கில் தீர்ப்புக்கு முன்பே வாயைக் கட்டும் இடைக்காலத் தடையைக் கொடுக்க நீதிபதிகள் ரொம்பவே தயங்குவார்கள். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த வாரமே படம் நிற்பது. அதற்கு இருப்பது 2014-ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். 2021 ஜூனிலிருந்து அதற்கென்றே தனி நீதிமன்றம் நடக்கிறது. 20,000 வெள்ளிக்கு மேல் கேட்காமல், எதிர்த்தரப்பில் ஐந்து பேருக்கு மேல் இல்லாமல் இருந்தால், எளிய நடைமுறையில் இணையத்திலேயே மனுப்போடலாம்.

அந்தச் சட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். அவமதிப்பான தகவலால் மனவேதனை கொடுத்ததற்கு இழப்பீடு, இனிமேல் செய்யாதே என்னும் பாதுகாப்பு உத்தரவு, பொய்யான தகவலைப் பரப்புவதை நிறுத்தும் உத்தரவு. 'தகவல்' என்றால் எழுத்து மட்டும் இல்லை. இந்தச் சட்டத்தில் படமும் கூற்றுதான். அக்கா அந்த மதுக்கூடத்தில் உட்காரவில்லை, ஆகவே அந்தப் படம் சொல்வது பொய். அதை நிறுத்தச் சொல்ல இதுவே போதுமான அடிப்படை. அதோடு, 'இது பொய்ப் படம்' என்று திருத்தம் போடவும் உத்தரவு கேட்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் திருத்தம்தான் இழப்பீட்டைவிட மதிப்பானது. படத்தைப் பார்த்த அதே ஆட்கள், அதே குழுவில், அனுப்பிய அதே எண்ணிலிருந்து மறுப்பையும் பார்ப்பார்கள்.

பாதுகாப்பு உத்தரவில் பலர் சறுக்குவது ஒரு இடத்தில். நடந்தது நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. மறுபடியும் நடக்க வாய்ப்பிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். எதிராளி படத்தை அழித்துவிட்டு, "அதான் எடுத்துட்டேனே, இன்னும் எதுக்கு உத்தரவு?" என்பார். அக்கா விஷயத்தில் அவர் அவசரப்பட்டு அதே படத்தை இரண்டாவது குழுவிலும் போட்டிருந்தார். 'அடுத்தது வருது' என்று ஒரு வரி வேறு. அந்த ஒரு வரி எங்களுக்கு வேலையை எளிதாக்கியது. முழு விசாரணை வரை காத்திருக்க முடியாத நிலையில் விரைவுப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த மனுவை இரண்டு மூன்று நாளில் எடுத்துக்கொள்வதை நீதிமன்றம் இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் உத்தரவு அவர் கையில் சேர்ந்த பிறகுதான் அவரைக் கட்டும். அதற்குப் பெயரும் முகவரியும் வேண்டும். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு, அதுவும் வெளிநாட்டு எண் என்றால், அலைச்சல்தான்.

இப்போது சாட்சியம். கோபத்தில் முதல் ஆளாகக் குழு நிர்வாகியிடம் "எல்லாத்தையும் அழிங்க" என்று சொல்லாதீர்கள். அனுப்பியவர் தானாக 'அனைவருக்கும் அழி' கொடுக்க இரண்டரை நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் எடுத்துவைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது குழுவின் பெயர், நேரம், தேதி மூன்றும் தெரியட்டும். எல்லாரும் கோட்டைவிடுகிற ஒன்று: உங்கள் ஃபோனில் அவரை 'ரவி அண்ணன்' என்று சேமித்திருந்தால் படத்திலும் 'ரவி அண்ணன்' என்றுதான் வரும். அது நீங்கள் வைத்த பெயர். எண் தெரியும் பக்கத்தைத் திறந்து அதையும் தனியாக எடுங்கள். செய்திக்கு மேல் 'Forwarded' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இவர் கைமாற்றியவராக இருக்கலாம், உருவாக்கியவர் வேறாக இருக்கலாம். அக்காவின் முதல் குழுவில் அந்த அடையாளம் இல்லை.

படம் போலி என்று காட்டப் பெரிய நிபுணரைத் தேட வேண்டியதில்லை. முகநூலில் தேதியோடு இருக்கும் பொங்கல் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தோம். காதோரம் தொங்கிய மல்லிச்சரத்தின் ஒரு மொட்டு, நெற்றியில் லேசாக நகர்ந்த பொட்டு, சிரிப்பின் கோணம் எல்லாம் அச்சு அசல். மதுக்கூடத்தில் வெளிச்சம் இடமிருந்து, முகத்தில் மட்டும் வலமிருந்து.

இழப்பீட்டுக்கு வருகிறேன். எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து நியாயம் என்று படுவதை நீதிமன்றம் கொடுக்கலாம் என்பதே சட்டத்தின் வார்த்தை. கணக்குக் காட்டுபவருக்குத் தொகை கொஞ்சம் கூடும். மூன்று பிள்ளைகள், மாதம் ஆளுக்கு 120 வெள்ளி, நான்கு மாதம்: 1,440 வெள்ளி. ஆலோசகரிடம் போன ரசீதுகள் தனி. தூக்கம் போனது, கடைத்தொகுதிக்கு இறங்க வெட்கப்பட்டது எல்லாம் வேதனைக்கான தொகையில் சேரும். ஐந்து லட்சம் இதில் எந்தப் பக்கத்திலிருந்தும் வராது. பெற்றோர் நிறுத்தியது படத்தால்தான் என்பதைக்கூட எதிர்த்தரப்பு மறுக்கும், 'இனி அனுப்பலங்க, குரூப்ல பாத்தேன்' என்று ஒருவராவது எழுதிக் கொடுத்தால் நல்லது.

கைமாற்றியவர்களை எல்லாம் வழக்கில் இழுக்க அக்காவின் தம்பிக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். ஐவருக்கு மேல் போனால் எளிய நடைமுறையே போய்விடும், மேலும் பாதிப் பேர் தெரியாமல் தட்டிவிட்டவர்கள். தெரிந்த ஆறு பேருக்குக் கடிதம் மட்டும் போட்டோம், ஐந்து பேர் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஆறாவது ஆள் திருச்சியில் இருக்கிறார், பதிலே இல்லை. அவர் ஃபோனில் இருக்கும் படத்தை இங்கிருந்து எந்த உத்தரவாலும் சுலபமாக அழிக்க முடியாது. அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ஆகவே மனுவில் கேட்கும் வாசகத்தைத்தான் பார்த்துப் பார்த்து எழுதினோம். 'அந்தப் படத்தை' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு உடையின் நிறத்தை மாற்றி அனுப்புவார். 'அந்தப் படத்தையோ, மனுதாரரின் முகத்தை வைத்து மாற்றிய வேறு எந்தப் படத்தையோ, தானாகவோ பிறர் மூலமாகவோ' என்று கேட்டோம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவருடைய வழக்கறிஞர் அதை வாசித்துக் காட்டிய வாரம்தான் இரண்டு குழுவிலும் திருத்தம் வந்தது.