அப்ஸ்ட்ராக்டை வெட்டி எக்ஸிகியூட்டிவ் சம்மரி இடத்தில் ஒட்டாதீர்கள்

வெள்ளிக்கிழமை நடந்ததை மறுபடி முழுதாகச் சொல்லப் போவதில்லை, இங்கே பலருக்கும் தெரியும். நாங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க எக்ஸிகியூட்டிவ் சம்மரியைத் தூக்கிவிட்டு, உள்ளே ஆய்வுப் பகுதிக்காக எழுதியிருந்த அப்ஸ்ட்ராக்டை அந்த இடத்தில் ஒட்டி, நிர்வாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இரண்டும் சுருக்கம்தானே, இது இன்னும் சின்னதா இருக்கு" என்று பதில் வந்தது.

சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு எழுதியது அது?

அப்ஸ்ட்ராக்டைப் படிப்பவர் அந்தத் துறைக்காரர். அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: இந்த ஆய்வை எடுத்துப் படிப்பதா, விட்டுவிடுவதா. அதற்கு என்ன கேள்வி, எப்படி அளந்தார்கள், என்ன கிடைத்தது என்று ஒரு பத்தியில் சொன்னால் போதும். மீதி அவருக்கே புரியும். எக்ஸிகியூட்டிவ் சம்மரியைப் படிப்பவர் நிலை வேறு. அவர் அறிக்கையின் உள்ளே வரப் போவதே இல்லை. ஆனால் கையெழுத்துப் போடப் போவது அவர்தான். முழு அறிக்கையையும் பெரும்பாலும் இருவரும் படிக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஒருவர் தனக்கு வேண்டாம் என்று தெரிந்து விலகுகிறார். இன்னொருவர் படிக்காமலே முடிவெடுக்கிறார். இந்த இருவரையும் ஒரே ஆளாக நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பம்ப் அறிக்கை. மூன்று நீரேற்று நிலையங்கள். பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாமல், தேவைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் டிரைவ் பொருத்தினால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பது கேள்வி. அப்ஸ்ட்ராக்டின் கடைசி வரி இப்படி இருந்தது: "அதிகபட்சமாக 24 சதவீதம் வரை மின்சேமிப்பு காணப்பட்டது, சேமிப்பு, நிலையத்தின் நிலை உயரத்தைப் பொறுத்து மாறுபடுகிறது."

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத வரி. பம்ப் தெரிந்த ஒருவர் அதைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்காருவார். நீளமான குழாயில் தண்ணீரைத் தள்ளும்போது பம்பின் உழைப்பு பெரும்பாலும் குழாயின் உராய்வை வெல்லத்தான் போகிறது. அங்கே வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால், கணக்குப்படி மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆனால் உயரமான தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இடத்தில் அந்த உயரத்தை, அதாவது நிலை உயரத்தை, எப்படியும் ஏற்றியே ஆக வேண்டும். வேகத்தை ஓர் அளவுக்கு மேல் குறைத்தால் தண்ணீர் தொட்டிக்கே போய்ச் சேராது. அதனால் அங்கே மிச்சம் சொற்பம். "நிலை உயரத்தைப் பொறுத்து" என்ற வார்த்தைகளிலேயே அவருக்கு இத்தனையும் கேட்டுவிடும்.

முடிவெடுக்க வேண்டியவருக்குக் கேட்டது "24 சதவீதம்" மட்டும். மூன்று நிலையங்களுக்கும் டிரைவ் வாங்க ஒப்புதல் கொடுத்துவிட்டார். அந்த 24 கிடைத்தது நீளக் குழாய் இருந்த ஒரே ஒரு நிலையத்தில். மற்ற இரண்டும் தொட்டிக்கு ஏற்றுபவை. அறிக்கையின் உள்ளே நிலையம் வாரியாக அட்டவணையே இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. திறக்காதவருக்காகத்தானே முன்னால் சம்மரி வைக்கிறோம்?

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: "முதல் நிலையத்தில் மட்டும் டிரைவ் பொருத்தப் பரிந்துரைக்கிறோம். மற்ற இரண்டுக்கும் வாங்க வேண்டாம், அங்கே மிச்சமாகும் மின்சாரம் கருவியின் செலவை ஈடுகட்டாது. அடுத்த பம்ப் கொள்முதலுக்கு முன் முடிவு தேவை." அப்புறம் செலவு எவ்வளவு, எத்தனை வருடத்தில் திரும்பி வரும், எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எந்தக் கணக்கில் எங்களுக்கே உறுதி குறைவு. அளந்த முறை பற்றி ஒரு வரி போதும். அறிக்கையில் கடைசியாக வரும் பரிந்துரை இங்கே முதலில் வரும். நிபந்தனை எண்ணோடு ஒட்டியே வரும், காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ளாது.

"மேலிடத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கம் படிக்க நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம். அரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். அறிக்கையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் வேதவாக்கு இல்லை. ஆனால் அரைப் பக்கத்திலும் பரிந்துரையும் செலவும் நிபந்தனையும் இருந்தாக வேண்டும். சுருக்குவது வேறு, வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பது வேறு.

"பரிந்துரை சொல்வது உங்கள் வேலை இல்லை" என்றும் ஒருவர் சொன்னார். அப்படியானால் எங்களிடம் அறிக்கை கேட்டிருக்கவே வேண்டாம்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்விதழுக்குப் போகும் கட்டுரையில் அப்ஸ்ட்ராக்டுக்குப் பதில் சம்மரி மாதிரி எழுதி, "இந்த முறையை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும்" என்று முடிப்பார்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா என்று ஒரு சொல் இருக்காது. ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி முறையான ஆய்வுத் தொகுப்பு செய்பவர்கள் முதல் சல்லடையில் ஆயிரக்கணக்கான தலைப்புகளையும் அப்ஸ்ட்ராக்டுகளையும் மட்டுமே பார்த்துத் தள்ளுகிறார்கள். ஆய்வு எந்த வகை என்றே தெரியாத அப்ஸ்ட்ராக்ட் அங்கேயே விழுந்துவிடலாம். சிகிச்சைகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளின் அப்ஸ்ட்ராக்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று, அத்தகைய ஆய்வறிக்கைகளுக்கு வழிகாட்டும் கன்சார்ட் குழு 2008-இல் தனியாகவே ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்த ஒரு பத்தியோடு நிற்கும் வாசகர்கள் அத்தனை பேர்.

கையில் இருப்பது சம்மரியா, அப்ஸ்ட்ராக்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. மற்ற பக்கங்களையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுங்கள். உங்களிடம் என்ன கேட்கிறார்கள், சரி என்றால் என்ன செலவு, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அவர் "ஏதோ ஆய்வு செய்திருக்கிறார்கள்" என்று சொன்னால் கையில் இருப்பது அப்ஸ்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை அனுப்பியதை நான் அப்படிக் கொடுத்துப் பார்த்தேன். "நல்ல ஆய்வு மாதிரி தெரியுது, ஆனா என்ன பண்ணணும்னு சொல்லலையே" என்றார். அந்தப் பதிலில் எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. மாதக்கணக்கில் அளந்து, கணக்குப் போட்டு, சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருகிறோம். அதைப் படிக்காதவருக்குச் சேதாரமில்லாமல் கொண்டுசேர்க்கும் பக்கம் ஒன்றுதான். அதை எழுதத்தான் இருப்பதிலேயே அதிக நாள் பிடிக்கும். எந்த எண்ணை விடலாம், எந்த நிபந்தனையை விடவே கூடாது என்று அறிக்கை முழுவதும் மண்டையில் இருந்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்து எறிகிறார்கள். நாளை தவறான முடிவு வந்தால் "அறிக்கையில் அப்படித்தான் இருந்தது" என்று எங்கள் பெயர்தான் வரும்.

அதனால் நிர்வாகக் குழுவுக்கு நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் இன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், எது எதற்குப் பதிலாகப் போனது என்ற குறிப்போடு. அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.