சதவீதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதும் மகான்களே

ஒரு கேமைப் பற்றிக் கேட்டால் போதும், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் ரேட்டிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிட்டு "வேஸ்ட் ப்ரோ, வாங்காத" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கத்திலேயே கீழே, நல்ல விமர்சனங்களை நீலத்திலும் எதிர்மறையானவற்றைச் சிவப்பிலும் தேதிவாரியாகக் காட்டும் ஒரு வரைபடம் இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது பார்த்தீர்களா ஐயா?

ஹெல்டைவர்ஸ் 2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்து சக்கைப்போடு போட்ட கேம். மே 3 அன்று, கணினியில் ஆடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று கேமை வெளியிட்ட சோனி அறிவித்ததும், இரண்டு மூன்று நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. வரைபடத்தில் அதுவரை பெரும்பாலும் நீலமாக இருந்த இடத்தில் திடீரென்று ஒரு சிவப்புத் தூண். கேம் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகுமா? தூண் நிற்கிற தேதியை அழுத்தி, அன்றைக்கு எழுதியதைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும்: எல்லாரும் கணக்கைப் பற்றித்தான் திட்டுகிறார்கள், துப்பாக்கியைப் பற்றியோ சர்வரைப் பற்றியோ பேச்சே இல்லை.

அதற்காக, கூட்டமாகச் சேர்ந்து வேண்டுமென்றே மோசமான விமர்சனம் குவிக்கிற "ரிவியூ பாமிங்" என்று முத்திரை குத்தி ஒதுக்குவதும் அதே சோம்பேறித்தனம்தான். இலங்கை உட்பட எத்தனையோ நாடுகளில் அந்தக் கணக்கையே முறைப்படி தொடங்க முடியாது, காசு கொடுத்து வாங்கியவன் திட்டாமல் என்ன செய்வான்? சில நாளில் சோனியும் பின்வாங்கியது, நிறையப் பேர் தங்கள் விமர்சனத்தை மாற்றினார்கள். ஆக, கோபம் நியாயமா என்பது ஒரு கேள்வி, கேம் எப்படி என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் வேண்டுமென்றால் தூணுக்கு முந்தைய வாரங்களைப் படியுங்கள், விமர்சனங்களில் at review time என்று போட்டிருக்கும் மணிக்கணக்கையும் பாருங்கள். அரை மணி நேரம் ஆடியவனும் எண்பது மணி நேரம் ஆடியவனும் ஒரே மாதிரி கட்டைவிரலைக் கவிழ்க்கலாம், ஆனால் எது எரிச்சலூட்டியது என்று விவரமாகச் சொல்லப்போவது யார்?

இதைவிட வயிற்றெரிச்சல், காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்கள். 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்கு யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து, நல்லதாகவே பேச வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது என்றே நிபந்தனை போட்டிருந்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் வார்னர் பிரதர்ஸ் மீது புகார் வைத்து, 2016-இல்தான் அது சமரசத்தில் முடிந்தது. விளம்பரம் என்கிற தகவல் எங்கே இருந்தது தெரியுமா? வீடியோவுக்குக் கீழே, Show more-ஐ அழுத்தினால்தான் தெரிகிற இடத்தில். ஒளித்து வைத்துவிட்டு "சொன்னோமே" என்பது என்ன நேர்மை?

வெளிவருவதற்கு முன்பே வந்த வீடியோவில் ஒரு குறைகூட இல்லையென்றால், சண்டை போடுகிற காட்சி தவிர மெனு, லோடிங், தடுமாற்றம் எதுவுமே கண்ணில் படவில்லையென்றால், முதலில் அந்த Show more-ஐத் திறங்கள். அப்புறம், காசு போட்டு வாங்கியவர்கள் எழுதும் வரை இரண்டு நாள் பொறுங்கள். முன்பே காசு கட்டுகிறவர்களுக்குக் கேமில் தருகிற ப்ரீ-ஆர்டர் ஸ்கின் என்கிற அலங்கார உடை போனால் போகட்டும், அதை எவன் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகப்போகிறான்!